‘கரண்ட் சிடிசி எவ்வளவு?’ மூன்று பதில்களும் ஒரு கணக்கும்

சென்னையில் ஐடி வேலைக்கு எச்ஆர் போன் செய்தால் முதல் இரண்டு நிமிடத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். இந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. நாம் எவ்வளவு கேட்கலாம் என்பதும் தெளிவாக இருக்காது. ஆனால் நம் சம்பளம் மட்டும் அவர்களுக்கு உடனே தெரிந்தாக வேண்டும். பதில் சொல்ல மூன்று வழிகள் இருக்கின்றன: நிறுவனம் நமக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகையான சிடிசியை அப்படியே சொல்வது, சொல்லாமல் பட்ஜெட்டைத் திருப்பிக் கேட்பது, சம்பளத்தைப் பிரித்துச் சொல்லி அதே மூச்சில் நம் எதிர்பார்ப்பையும் வைப்பது. மூன்றாவதுதான் சரி என்பது இந்தக் கட்டுரையின் கட்சி.

நான்காவதாகக் கூட்டிச் சொல்வது என்று ஒன்று உண்டு. அதை ஒப்பிட வேண்டியதே இல்லை. கடைசி மூன்று மாத பேஸ்லிப், இன்க்ரிமென்ட் லெட்டர், ஃபார்ம் 16 என்று கேட்பார்கள். சில நிறுவனங்கள் பிஎஃப் பாஸ்புக்கும் கேட்கின்றன. முழு பேசிக்குக்கும் பிஎஃப் பிடிக்கும் நிறுவனம் என்றால், மாதம் 4,800 ரூபாய் பிடித்தம் என்று பார்த்ததுமே 12 சதவீதக் கணக்கில் பேசிக் 40,000 என்று தெரிந்துவிடும். ஆஃபர் வந்து, பழைய வேலையில் பேப்பர் போட்ட பிறகு இது வெளிப்பட்டால் இரண்டு பக்கமும் போய்விடும்.

முதல் வழி எளிது. ‘ஒன்பது அறுபது’ என்று சொன்னதும், ‘முப்பது பர்சென்ட் ஹைக் தரலாம், பன்னிரண்டு நாற்பத்தெட்டு’ என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். சிக்கல் பன்னிரண்டு நாற்பத்தெட்டில் இல்லை, அது எப்படிப் பிரிகிறது என்பதில் இருக்கிறது.

பழைய 9,60,000 இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேசிக் அதில் பாதி, 4,80,000. நிறுவனம் கட்டும் பிஎஃப் 57,600. கிராஜுவிட்டிக்கு என்று பேசிக்கில் 4.81 சதவீதம், 23,088. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் 12,000. வேரியபிள் 96,000. இவற்றைக் கழித்தால் வருடத்துக்கு நிச்சயமாக வரும் ஃபிக்ஸட் தொகை 7,71,312, மாதம் 64,276. (கிராஜுவிட்டி சிடிசியில் இருந்தாலும், ஐந்து வருடம் முடிக்காமல் வெளியேறும் நிரந்தர ஊழியர் கைக்குப் பொதுவாக வராது. அதையும் சம்பளம் என்று எண்ணிச் சந்தோஷப்படுகிறோம்.)

புதிய 12,48,000-இல் வேரியபிள் 20 சதவீதம் என்று வைத்தால் 2,49,600 அதற்கே போய்விடும். பேசிக் பாதி என்றால் பிஎஃப் 74,880, கிராஜுவிட்டி 30,014. இன்ஷூரன்ஸ் 20,000. மிச்சம் 8,73,506, மாதம் 72,792. காகிதத்தில் 30 சதவீதம் ஏறிய சம்பளம், மாதாமாதம் வரும் தொகையில் 8,516 ரூபாய்தான் ஏறியிருக்கிறது, 13 சதவீதத்துக்குச் சற்று மேல். நம் பங்கு பிஎஃப்பும் கூடுவதால் கைக்கு வருவதில் கூடுதல் 7,076 மட்டுமே. இதற்காக அம்பத்தூரிலிருந்து சிறுசேரிக்கு தினமும் போய்வர வேண்டும் என்றால், கேப் இல்லாத நிறுவனத்தில் அந்தப் பணம் வண்டிக்கே சரியாகிவிடும்.

அதே 30 சதவீதத்தை ஃபிக்ஸட் மேல் வைத்துப் பாருங்கள். 7,71,312 கிட்டத்தட்ட 10,00,000 ஆகிறது, மாதம் 83,333. இரண்டுக்கும் மாதம் பத்தாயிரத்துக்கு மேல் வித்தியாசம். பேரம் எந்த எண்ணின் மேல் நடக்கிறது என்பது சதவீதத்தைவிடப் பெரிய விஷயமாவது இதனால்தான். மொத்த சிடிசியைச் சொன்ன அந்த நொடியில் அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எச்ஆர் பக்கம் போய்விடுகிறது.

இரண்டாவது வழி, ‘இந்த ரோலுக்கு பட்ஜெட் என்னங்க?’ என்று திருப்பிக் கேட்பது. கன்சல்டன்சிக்காரர்களிடம் இது பல சமயம் வேலை செய்யும். ஆள் சேர்ந்தால்தான் அவர்களுக்கு கமிஷன் என்பதால் ‘பதினாலு வரைக்கும் போவாங்க’ என்று சொல்லிவிடுவார்கள். நிறுவனத்தின் சொந்த எச்ஆரிடம் இது அவ்வளவாக எடுபடாது. அவர் நிரப்ப வேண்டிய படிவத்தில் நம் சம்பளக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த ரவுண்டுக்கு அனுப்பவே முடியாமல் போகலாம். கலிஃபோர்னியாவில் 2018 முதல் விண்ணப்பதாரரின் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, நியாயமாகக் கேட்டால் சம்பள வரம்பையும் சொல்ல வேண்டும். அங்கே தலைமையகம் உள்ள நிறுவனமாக இருந்தாலும், அதன் சென்னை அலுவலகத்து வேலைக்கு அந்தச் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை.

மூன்றாவது வழியில் பதில் இப்படி இருக்கும்:

‘ஃபிக்ஸட் ஏழு எழுபத்தொண்ணுங்க, வேரியபிள் தொண்ணூத்தாறாயிரம் தனி. பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்தா சிடிசி ஒன்பது அறுபது. இந்த ரோலுக்கு நான் எதிர்பார்க்கிறது ஃபிக்ஸட் பத்தரை. வேரியபிள் அதுக்கு மேல.’

இதில் எதையும் மறைக்கவில்லை, பேஸ்லிப்போடு எல்லாம் ஒத்துப்போகும். ஆனால் உரையாடலில் கடைசியாக நிற்கும் எண் பத்தரை. பத்துக்கு முடிக்க நினைப்பவர் பத்தரையில் தொடங்குவது போதும். பன்னிரண்டு என்று தொடங்கினால் ‘வரம்புக்கு வெளியே’ என்று அங்கேயே முடித்துவிட வாய்ப்பு அதிகம்.

போனை எடுப்பதற்கு முன்பே இன்னொரு எண்ணும் கையில் இருக்க வேண்டும்: இதற்குக் கீழே போக மாட்டேன் என்ற எண். ஜனவரியில் பேசுகிறீர்கள், ஏப்ரலில் 8 சதவீத இன்க்ரிமென்ட் வரும் என்றால், உங்கள் உண்மையான ஃபிக்ஸட் இப்போதே 8,33,000 தான். ஒப்பீடு அதிலிருந்து தொடங்க வேண்டும். மார்ச்சில் வர வேண்டிய வேரியபிள் வேலையை விடுவதால் போகிறதென்றால், அதைச் சம்பளத்தில் ஏற்றாமல் ஜாயினிங் போனஸாகக் கேளுங்கள். ஒருமுறை கொடுக்கும் பணத்துக்கு ஒப்புதல் வாங்குவது எச்ஆருக்கு எளிது. ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற வரி பெரும்பாலும் இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

‘சிடிசி மேல முப்பது பர்சென்ட்டுக்கு மேல எங்க பாலிசி இல்லைங்க’ என்ற பதில் வரும். அப்போது சதவீதத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். ‘சரிங்க, மொத்தம் அதே பன்னிரண்டு நாற்பத்தெட்டு இருக்கட்டும், வேரியபிளை பத்து பர்சென்ட் ஆக்க முடியுமா?’ என்று கேளுங்கள். மேலே உள்ள கணக்கில் அந்த ஒரு மாற்றமே 1,24,800 ரூபாயை ஃபிக்ஸட் பக்கம் கொண்டுவருகிறது, மாதம் 10,400. பாலிசியும் மீறப்படவில்லை. பெரிய நிறுவனங்களில் கிரேடுக்கு ஏற்ப வேரியபிள் சதவீதம் முன்பே பூட்டப்பட்டிருக்கும், அங்கே இது நடக்காது. அப்படியானால் கடந்த இரண்டு வருடம் வேரியபிளில் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்று கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்தத் தொகையைப் பாதியாக எண்ணிக்கொள்வது உத்தமம்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. இப்போதைய சம்பளம் சந்தையைவிட மிகக் குறைவாக இருப்பவருக்கு, ஃபிக்ஸட் மேல் 30 சதவீதமும் போதாது. அவர் முதலில் இரண்டாவது வழியை முயன்று, படியாதபோது மூன்றாவதுக்கு வரலாம். ஏற்கெனவே அதிகம் வாங்குபவர் முதல் வழியில் சட்டென்று சொல்லிவிட்டால் நான்கு ரவுண்டு இன்டர்வியூ வீணாகாது. ஸ்டார்ட்-அப் பங்குகள் சம்பளத்தில் பெரிய பகுதியாக இருந்தால் இந்தப் பிரிப்பு முறையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், ஃபிக்ஸட் வரைக்கும் மட்டும் ஒப்பிடுங்கள்.

போனில் ஒத்துக்கொண்டது எதுவாக இருந்தாலும், பேப்பர் போடுவதற்கு முன் சம்பளப் பிரிவு அட்டவணையை மெயிலில் வாங்குங்கள். ஜாயினிங் போனஸை முதல் வருட சிடிசிக்குள்ளேயே சேர்த்திருக்கிறார்களா என்று முதலில் அதில்தான் பார்க்க வேண்டும்.