போனில் மாட்டும் கிளிப் லென்ஸ்: எதை வாங்கலாம், எதை விடலாம்

எப்போதாவது படம் எடுப்பவர் கிளிப் லென்ஸ் வாங்கலாமா என்று கேட்டால் நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: அது செய்யும் வேலையைப் போனோ எடிட்டிங்கோ செய்துவிடுமா?

அப்படிப் பார்த்தால் செட்டாக விற்பதில் பாதிக்கு மேல் கழிந்துவிடும். வைடு லென்ஸ் வேண்டாம், பல போன்களில் அல்ட்ராவைடு இருக்கிறது, மலிவான கிளிப்போ ஓரங்களைக் குழப்பிவிடும். தூரத்தில் உள்ளதை நெருக்கிக் காட்டும் 2x டெலியும் வேண்டாம், 50 மெகாபிக்சல் சென்சாரில் நடுப்பகுதியை வெட்டினாலே அந்த அளவு கிடைத்துவிடும். கலர் ஃபில்டர்களைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை, எடிட்டிங்கில் ஒரு நொடி வேலை.

சின்னஞ்சிறு பொருளை மிக அருகில் போய் எடுக்க உதவும் மேக்ரோ அப்படியல்ல. மழைக்குப் பிறகு மண்ணில் ஊரும் தம்பலப்பூச்சி சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். போனின் மெயின் கேமரா 10 செ.மீ. தூரத்துக்குள் போனால் பெரும்பாலும் ஃபோகஸ் ஆகாது, அந்தத் தூரத்தில் ஃபிரேமின் அகலம் ஏறக்குறைய 13 செ.மீ., பூச்சி அதில் ஒரு சிவப்புப் புள்ளி. மேக்ரோ கிளிப் மாட்டி இரண்டரை செ.மீ. வரை போனால் ஃபிரேம் 3 செ.மீ. அளவுக்குச் சுருங்கும், பூச்சி அதில் மூன்றில் ஒரு பங்கை நிரப்பும், முதுகின் வெல்வெட் ரோமம்கூடத் தெரியும். மலிவான போன்களில் தனியாக வரும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவை விட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் இங்கே வேலை செய்வது மெயின் சென்சார். ஆனால் அல்ட்ராவைடு கேமராவே 2 செ.மீ. வரை ஃபோகஸ் ஆகும் விலையுயர்ந்த போன் கையில் இருந்தால் கிளிப்புக்குப் பணம் போடாதீர்கள்.

சிக்கல் ஒன்று உண்டு. பக்கத்தில் போனதும் சில போன்கள் தானாகவே அல்ட்ராவைடுக்குத் தாவிவிடும், நீங்கள் கிளிப்பை மாட்டியிருப்பதோ மெயின் கேமராவில். அதனால் ஆட்டோ மேக்ரோவை அணைத்துவிட்டு 1x-இல் நிறுத்துங்கள். ஒரு பக்க மூலை மட்டும் இருண்டிருந்தால் லென்ஸ் நடுவில் உட்காரவில்லை என்று பொருள், போன் கவரைக் கழற்றிவிட்டு மாட்டிப் பாருங்கள்.

ஃபில்டரில் நான் சிபாரிசு செய்வது சிபிஎல் எனப்படும் போலரைசர் மட்டும். குளத்து மீனைப் படமெடுக்கும்போது நீர்ப்பரப்பில் வானம் பிரதிபலித்துப் பளபளத்தால் மீன் பதிவாகவே ஆகாது, பதிவாகாததை எந்த எடிட்டிங்கும் மீட்டுத் தராது. ஃபில்டரைச் சுழற்றினால் அந்தப் பளபளப்பு அடங்கி மீன் தெரியும். நேர் மேலிருந்து குனிந்து எடுத்தால் பலன் இல்லை, சாய்வாக எடுக்க வேண்டும். ஸ்டீல், பித்தளை மேல் உள்ள பளபளப்பு இதற்கு அடங்காது. வெளிச்சத்தில் பாதிக்கும் மேல் குறைந்துவிடும், எனவே மாலை மங்கியபின் கழற்றிவிடுங்கள்.

வாங்கும்போது, வெள்ளைத் திரை எரியும் ஒரு எல்சிடி லேப்டாப்பை நோக்கி ஃபில்டரின் முன்பக்கத்தைப் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் திரை கறுத்துப் போனால் போலரைசர்தான், எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி இருந்தால் வெறும் கறுப்புக் கண்ணாடி.