ஆறு ஆண்டு கையில் வைத்திருந்த கழிவுச் சான்றிதழ்: உண்மையில் ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு?

10,000 முகமதிப்புள்ள முதலீட்டுச் சான்றிதழ் ஒன்றை 7,000-க்கு வாங்கி, ஆறு ஆண்டுகள் வைத்திருந்து, முழு மதிப்பையும் பெற்றுக்கொண்டேன். இடையில் வட்டி எதுவும் வராது. விலைக்கும் முகமதிப்புக்கும் உள்ள வேறுபாடான 3,000 என்னும் கழிவு மட்டுமே ஆதாயம்.

வாங்கிய நாளில் நான் போட்ட கணக்கு தவறானது. 3,000-ஐ ஆறால் வகுத்தால் ஆண்டுக்கு 500. அது 7,000-இல் 7.14 விழுக்காடு என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். முதலாண்டின் ஆதாயம் கைக்கு வராமல் உள்ளேயே தங்கி, அடுத்த ஆண்டு அதுவும் சேர்ந்து வளர்வதாகத்தான் இத்தகைய முதலீட்டைப் பார்க்க வேண்டும் என்பதை அப்போது மறந்துவிட்டேன். 7,000-ஐ ஆண்டுதோறும் 7.14 விழுக்காடு கூட்டுவட்டியில் வளர்த்துப் பார்த்தால் ஆறாம் ஆண்டு முடிவில் ஏறத்தாழ 10,590 வர வேண்டும், கிடைக்கப்போவதோ 10,000. இந்த இடைவெளிதான் தவறைக் காட்டிக்கொடுத்தது. கழிவின் ஓராண்டுப் பங்கான 500-ஐ முகமதிப்பால் வகுத்து ஆண்டுக்கு 5 விழுக்காடு என்பாரும் உண்டு. கையைவிட்டுப் போன பணம் 7,000 என்பதால் அதுவும் பொருந்தாது.

சரியான வழி, முகமதிப்பை வாங்கிய விலையால் வகுத்து, வரும் எண்ணுக்கு ஆண்டுகளின் எண்ணிக்கைப்படி மூலம் கண்டு, ஒன்றைக் கழிப்பதாகும். இங்கே 1.4286-இன் ஆறாம் மூலம் 1.0612, ஆகவே ஆண்டு வருவாய் 6.12 விழுக்காடு. ஆறாம் மூலத்தைக் கையால் காண்பது எளிதன்று என்பதால் விரிதாளில் இப்படி எழுதுகிறேன்:

```
=(10000/7000)^(1/6)-1
```

இதில் 1/6-ஐச் சுற்றியுள்ள அடைப்புக்குறியை ஒருமுறை விட்டுவிட்டேன். விரிதாள் முதலில் அடுக்கைக் கணக்கிட்டுப் பின்பே ஆறால் வகுத்ததால், எதிர்க்குறியுடன் 76 விழுக்காடு என்று விடை வந்தது. விடை அத்தனை அபத்தமாக இருந்ததால் உடனே திருத்த முடிந்தது என்பதை நல்லூழ் என்றே சொல்வேன்.

இன்னொரு நிறுவனத்தின் சான்றிதழோடு ஒப்பிட்டபோது வேறொன்று தெரிந்தது. அரையாண்டுக் கூட்டலில் சொல்லப்படும் வீதமும் ஆண்டுக் கூட்டலில் சொல்லப்படும் வீதமும் ஒரே எண்ணாக இரா. என்னுடையதே அரையாண்டுக் கணக்கில் 6.03 என்றுதான் எழுதப்படும். இரண்டையும் ஒரே முறைக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டால் இல்லாத வேறுபாடு தோன்றும்.

கடைசித் தவறும் என்னுடையதே. முதிர்வு நாளைக் குறித்து வைக்காமல் 73 நாள் கழித்தே பணத்தைக் கோரினேன். முதிர்வுக்குப் பின் அந்தச் சான்றிதழுக்கு எதுவும் சேராது. பணம் முடங்கிக் கிடந்த காலம் 6.2 ஆண்டு என்று வைத்து மீண்டும் கணக்கிட்டால் வருவாய் 5.92 விழுக்காடாக இறங்குகிறது. என் குறிப்பேட்டில் 7.14-ஐ அடித்துவிட்டு இப்போது அந்த எண்ணைத்தான் எழுதியிருக்கிறேன்.