ஆண்டு வருமானமா, லாக் வருமானமா?

ஒரு பங்கு முதல் ஆண்டு 50% ஏறி, அடுத்த ஆண்டு 40% இறங்குகிறது. ஆண்டு விகிதங்களை அப்படியே கூட்டினால் 10% லாபம் என்று வரும். ஆனால் 100 ரூபாய் 150 ஆகி, பிறகு 90 ஆகிவிட்டது. உண்மையில் 10% நஷ்டம். ஆண்டு விகிதங்களைப் பெருக்கத்தான் வேண்டும்: 1.5 × 0.6 = 0.9.

இந்தப் பெருக்கும் எண்களின் இயற்கை மடக்கையான ln-ஐ எடுத்தால் கிடைப்பதுதான் லாக் வருமானம்; அதைத் தாராளமாகக் கூட்டலாம். ln(1.5) = 0.4055, ln(0.6) = −0.5108, கூட்டினால் −0.1053. இதை exp(−0.1053) − 1 என்று திருப்பினால் அதே −10%. பல ஆண்டுக் கணக்கு என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

வட்டியிலும் இதே மாற்றம்தான். ஆண்டுக்கு 8% என்பது, வட்டி ஒவ்வொரு கணமும் அசலோடு சேரும் தொடர் கூட்டுவட்டியாகச் சொன்னால் ln(1.08), அதாவது 7.70%. தொடர் கூட்டுவட்டியே 8% என்றால் ஆண்டு முடிவில் கிடைப்பது 8.33%. எந்த 8% என்று கேட்காமல் சூத்திரத்தில் போட்டால் கணக்கு தப்பும்.

சரி, லாக் எங்கே உதவாது? ஒரே ஆண்டில் பாதிப் பணம் 50% ஏறிய பங்கிலும் மீதி 40% இறங்கிய பங்கிலும் இருந்தால் மொத்த லாபம் 5%. லாக் சராசரியோ நஷ்டம் காட்டும். அங்கே சாதாரண விகிதம்தான் சரி.