ஒரே கருப்பொருள், ஐந்து நாள்: குறளா, பழமொழியா, சொந்த வரியா?

குழு அரட்டையில் தினமும் காலையில் ஒரு பொன்மொழி போடும் வேலை என்னிடம் வந்து கொஞ்ச காலம் ஆகிறது. வாரத்துக்கு ஒரு கருப்பொருள், திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து வரிகள், அவ்வளவுதான் கணக்கு. சனி, ஞாயிறு போடுவதில்லை, ஏனென்றால் அந்த இரண்டும் படிக்கப்படாமல் கிடந்து திங்கட்கிழமை வரியையும் சேர்த்து அமுக்கிவிடும். கேட்க எளிதாக இருக்கும் இந்த வேலையில் ஒரே ஒரு சிக்கல்தான் திரும்பத் திரும்ப வரும். கருப்பொருள் ஒன்றுதானே என்று ஐந்து வரிகளை எடுத்தால், ஐந்தும் ஒரே விஷயத்தைச் சொல்லும். புதன்கிழமைக்குள் எல்லோரும் படிக்காமலே கட்டைவிரல் குறி போட ஆரம்பித்துவிடுவார்கள்.

அதனால் எதை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு முன்னால் ஒரு சோதனை. எடுத்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், பேசுகிற மாதிரி ஒரே வாக்கியத்தில் அதன் பொருளை எழுதுங்கள். பிறகு மூல வரிகளைக் கையால் மறைத்துவிட்டு அந்த வாக்கியங்களை மட்டும் படியுங்கள். இரண்டு நாளுக்கு ஒரே வாக்கியம் வந்தால் ஒன்று போக வேண்டும், உவமை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

"காலம் பார்த்துச் செய்வது" என்ற கருப்பொருளை வைத்து மூன்று வழிகளையும் பார்க்கலாம்.

முதலில் திருக்குறள். ஒரு கருப்பொருளுக்குப் பத்துக் குறள், ஏற்கெனவே அடுக்கி வைத்திருக்கிறது, ஒவ்வொன்றும் ஏழே சீர், கைபேசித் திரையில் இரண்டே வரியில் நின்றுவிடும். 49ஆம் அதிகாரம் 'காலம் அறிதல்', 481 முதல் 490 வரை. ஐந்து நாளுக்கு ஐந்து எடுத்தால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் மேலே சொன்ன சோதனையைச் செய்து பாருங்கள். 482, பருவத்தோடு ஒட்டி நடப்பது செல்வத்தை நீங்காமல் கட்டும் கயிறு. 483, தக்க கருவியோடு காலம் அறிந்து செய்தால் முடியாத வேலை உண்டா. 484, காலமும் இடமும் பார்த்துச் செய்தால் உலகமே கைகூடும். மூன்றையும் பேச்சு வழக்கில் இறக்கினால் "நேரம் பார்த்துச் செய், நடக்கும்" என்ற ஒரே வாக்கியம்தான் மிஞ்சுகிறது. 485 முதல் 488 வரை நான்குமே அடங்கிக் காத்திருப்பதைச் சொல்கின்றன; அதில் 486இல் வரும், முட்டுவதற்கு முன் பின்வாங்கும் ஆட்டுக்கடாவின் படம் மட்டும் தனித்து நிற்கிறது. ஆக, பத்தில் உண்மையாகவே வேறு வேறு கோணம் என்று எனக்குக் கிடைத்தது நான்கோ ஐந்தோதான். இது குறளின் குறை இல்லை. ஒரு கருத்தைப் பல பக்கமும் தட்டி உறுதிசெய்வதற்காக எழுதப்பட்ட அதிகாரத்தை நாம் நாளுக்கு ஒன்றாகப் பிய்த்துப் போடுகிறோம், அதுதான் காரணம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இது பொருட்பாலில், அரசனுக்குச் சொல்லும் இடத்தில் வருகிறது. 488 பகைவரைக் கண்டால் அவர் முடிவு வரும்வரை பொறுத்துப் போ என்கிறது. அதை வேலை இடத்தில் போட்டால், "யாரைச் சொல்கிறார்கள்" என்ற கேள்விதான் முதலில் எழும், முக்கியமாக இரண்டு குழுக்களுக்கு இடையே ஏதாவது உரசல் ஓடிக்கொண்டிருந்தால்.

பழமொழியின் பலம் நேர் எதிரானது. பழமொழிகள் ஒன்றோடொன்று சண்டை போடும். "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்று ஒன்று விரட்டும், "பதறாத காரியம் சிதறாது" என்று இன்னொன்று கையைப் பிடித்து நிறுத்தும். ஒரே கருப்பொருளில் வேறு வேறு கோணம் வேண்டும் என்பவருக்கு இதைவிட வசதி கிடையாது. விளக்கமும் அதிகம் தேவைப்படாது, பாதிப் பேருக்கு முன்பே தெரிந்திருக்கும். ஆனால் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். பெண்களை, சாதியை, உடல் குறையை இழிவாகப் பேசுகிறவை ஏராளம், பழகிய காதுக்கு அது உடனே உறைக்காது.

இதில் நான் பட்ட பாடு ஒன்று. ஒரு வெள்ளிக்கிழமை "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" போட்டேன். வாரத்தை முடிக்கத் தாமதத்தைப் பற்றி ஒன்று வேண்டும் என்பதுதான் என் கணக்கு. அதே வாரம் ஒரு தம்பியின் வேலை இரண்டு நாள் தள்ளிப்போயிருந்தது. அரட்டையில் எதுவும் சொல்லவில்லை, பத்து நிமிடம் கழித்துத் தனியாக ஒரு செய்தி வந்தது: "அண்ணா, இன்னைக்குப் போட்டது எனக்கா?" இல்லைப்பா என்று எவ்வளவு சொல்லியும் என் மனம் ஆறவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டேன். அதில் பார்வையற்றவரை இழுப்பதும் அப்போதுதான் எனக்குப் பட்டது. அதன் பிறகு, நடந்து முடிந்ததைக் குத்திக்காட்டும் வரி எதையும் போடுவதில்லை, இனிச் செய்யப்போவதைப் பற்றிய வரி மட்டுமே.

சொந்த வரி எழுதுவது மூன்றாவது வழி. கோணம் துல்லியமாக அமையும், "சந்தேகத்தை இன்றே கேட்டால் ஒரு கேள்வி, அடுத்த வாரம் கேட்டால் ஒரு மறுவேலை" என்று உங்கள் வேலைக்கே பொருந்துகிற மாதிரி எழுதலாம். ஆனால் ஐந்து நாளும் எழுதினால், அது பொன்மொழியாக இல்லாமல் உத்தரவாகக் கேட்கும், குழுத் தலைவர் எழுதினால் இன்னும் மோசம். பழைய வரிக்குப் பின்னால் யாரும் இல்லை, அதனால் அது யார் மீதும் அதிகாரம் செலுத்துவதில்லை. வாரத்துக்கு ஒன்று போதும்.

பிரபலங்கள் சொன்னதாகச் சுற்றும் மேற்கோள்களை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. எங்கே, எந்தப் பேச்சில் சொன்னார் என்று காட்ட முடியாவிட்டால் போடக் கூடாது, அந்தத் தேடலுக்கே ஒரு காலை போய்விடும்.

என் தேர்வு, பழமொழியை அடிப்படையாக வைத்து நடுவில் ஒரு குறள். வரிகளைத் தேடும் முன்பே ஐந்து கேள்விகளை எழுதிக்கொள்வேன்: வாய்ப்பு வந்தால் என்ன செய்வது, அவசரப்பட்டால் என்ன ஆகும், இரண்டையும் எப்படிச் சேர்ப்பது, கடைசி நேரத்தில் எங்கே சறுக்குகிறோம், மெதுவாக நகரும் வேலையை எப்படிப் பார்ப்பது. இந்த வரிசையில் திங்களுக்குக் "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்", செவ்வாய்க்கு அதை மறுக்கும் "பதறாத காரியம் சிதறாது". செவ்வாய் அன்று யாராவது "நேற்று வேற மாதிரி சொன்னீங்களே" என்று கேட்பார்கள், கேட்கட்டும், அதற்குத்தான் புதன்கிழமை இருக்கிறது. 490ஆவது குறளைச் சொல் பிரித்துப் போடுவேன்:

கொக்கு ஒக்க கூம்பும் பருவத்து மற்று அதன்
குத்து ஒக்க சீர்த்த இடத்து

காத்திருக்க வேண்டிய நேரத்தில் கொக்கைப் போல ஒடுங்கியிரு, நேரம் வாய்த்தால் அதன் குத்தைப் போலத் தவறாமல் முடி. திங்களும் செவ்வாயும் ஒரே பறவைக்குள் வந்துவிடுகின்றன. புணர்ந்த வடிவத்திலேயே "கொக்கொக்க" என்று போட்டால் பலர் முதல் சொல்லிலேயே நின்றுவிடுகிறார்கள், அதனால் பிரித்துப் போடுவது முக்கியம்.

வியாழனுக்கு "ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவில்லை", எல்லாம் முடிந்தபின் கடைசிச் சரிபார்ப்பை மட்டும் அவசரமாகத் தாண்டுகிற இடம் அது. வெள்ளிக்கு "அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்". சொந்த வரி சேர்ப்பதாக இருந்தால் வியாழனைத்தான் மாற்றுவேன், அந்த வாரம் எந்தச் சரிபார்ப்பு விடுபடுகிறது என்று தெரிந்து எழுதலாம். ஆனால் அந்த வாரமே யாராவது அதில் தவறியிருந்தால், பழமொழியே இருக்கட்டும்.

போடும்போது வரிதான் முதலில் வர வேண்டும், காலை வணக்கமும் விளக்கமும் அதற்குக் கீழே. பூட்டிய திரையில் வரும் அறிவிப்பில் முதல் சில சொற்கள்தான் தெரியும், அந்த இடத்தை வணக்கத்துக்குக் கொடுத்துவிட்டால் பலர் அரட்டையைத் திறப்பதே இல்லை.