பழைய ஸ்பிளெண்டருக்கு எல்இடி: காயில் கம்பியிலா, பேட்டரியிலா?

பழைய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரின் 35 வாட் முகப்பு விளக்குக்குப் பேட்டரியோடு தொடர்பில்லை. இன்ஜின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் காயிலிலிருந்து வரும் ஏசி மின்சாரத்திலேயே எரிகிறது. சிக்னலில் நிற்கும்போது மங்குவது அதனால்தான்.

அதே கம்பியில், ஏசி, டிசி இரண்டையும் ஏற்கும் 18 வாட் எல்இடி பல்பைப் பொருத்துவது முதல் வழி. சுமை பாதியாகக் குறைகிறது. வண்டி நிற்கையில் ஒளி துடிக்கும். ஊருக்குள் ஓட்டுகிற எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. டிசிக்கு மட்டுமான பல்பை இதில் மாட்டக் கூடாது.

ரிலே வைத்துப் பேட்டரியிலிருந்து கொடுப்பது இரண்டாவது வழி. ஒளி துடிக்காது, ஆசைதான்! ஆனால் 18 வாட்டுக்கு ஒன்றரை ஆம்பியர் வேண்டும். பேட்டரியின் கொள்ளளவோ 2.5 ஆம்பியர்-மணி. காயிலின் ஒரு பங்கு மட்டுமே அதை சார்ஜ் செய்கிறது. ஓட்டும் வேகத்தில் இன்ஜினை வைத்து, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரால் அளந்தேன். விளக்கில்லாமல் 14 வோல்ட். போட்டதும் இறங்கி இறங்கி 12.4. சார்ஜ் ஏறுவதைவிடச் செலவு அதிகம் என்று அர்த்தம். இதைச் சரிசெய்ய இன்ஜின் மூடியைக் கழற்றி, காயிலின் எர்த் இணைப்பைப் பிரித்து, ஏசியை டிசியாக்கும் முழு அலை ரெக்டிஃபையர் பொருத்த வேண்டும். இரவில் நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கே அந்தப் பாடு தகும்.