85 மி.மீ. லென்ஸும் கல்லடிக் கல்யாண வீடும்: ஆறு வருடங்களுக்குப் பிறகு

ஆறு வருடங்களுக்கு முன் கல்லடியில் ஒரு கல்யாண வீடு. மணப்பெண்ணை அலங்கரித்த அறை பத்தடிக்குப் பத்தடி. பாதியைக் கட்டிலும் அலுமாரியும் பிடித்திருந்தன. 35 மி.மீ. லென்ஸைப் போட்டு, முகத்துக்கு இரண்டடி கிட்டப் போய் எடுத்தேன். அல்பம் கொடுத்த அன்று பெண்ணின் பெரியம்மா ஒரு படத்தில் விரலை வைத்து, "தம்பி, எங்கள் பிள்ளைக்கு மூக்கு இவ்வளவு பெரிதா?" என்று கேட்டார். இல்லைதான். படத்தில் மூக்கும் நெற்றியும் முன்னே தள்ளிக்கொண்டு நின்றன. தோடு போட்ட காதுகள் கன்னத்துக்குப் பின்னால் ஒளிந்துகிடந்தன.

அந்த மாதமே பழைய 85 மி.மீ. f/1.8 லென்ஸ் ஒன்றை வாங்கினேன். என் கமரா ஃபுல் ஃபிரேம். முகங்கள் உடனே திருந்திவிட்டன. லென்ஸ்தான் அழகாக்குகிறது என்று ஒரு வருடம் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். அது பிழை.

வேலையில்லாத ஒரு மழை நாளில் மருமகனைக் கதிரையில் இருத்தி, அளவுநாடாவும் கையுமாக நின்றபோதுதான் விளங்கியது. மூக்கு நுனியிலிருந்து காது வரை ஏறக்குறைய 12 செ.மீ. ஆழம். கமரா மூக்கிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் நின்றால் காது 72 செ.மீ. தூரத்தில் இருக்கிறது, ஆகவே காதோடு ஒப்பிட மூக்கு 20 வீதம் பெரிதாகப் பதிகிறது. இரண்டு மீற்றருக்குப் பின்வாங்கினால் அதே 12 செ.மீ., 200க்கும் 212க்கும் உள்ள வித்தியாசமாகச் சுருங்குகிறது. மூக்கின் மிகை 6 வீதம்தான். எதிரே இருந்து பேசும்போது நாம் பார்க்கும் முகமும் ஏறக்குறைய இந்தத் தூரத்து முகம்தான்.

சந்தேகம் தீர, இரண்டு மீற்றரில் முக்காலியை அசைக்காமல் 35 மி.மீ. லென்ஸை மாட்டி ஒரு படம் எடுத்தேன். அவன் முகம் நடுவில் சிறிதாக விழுந்தது. அதை வெட்டிப் பெருப்பித்து 85இல் எடுத்த படத்தின்மேல் வைத்தால் மூக்கும் காதும் அப்படியே பொருந்தின. முகத்தை மாற்றுவது நிற்கும் தூரம். தலையும் நெஞ்சும் சட்டத்தை நிரப்ப வேண்டுமானால் 35 என்னை 80 செ.மீ. வரை இழுத்துக்கொண்டு போகிறது, 85 இரண்டு மீற்றரில் நிறுத்திவைக்கிறது. குவியத் தூரத்தின் பங்கு அவ்வளவுதான். சிறிய சென்சர் உள்ள கமராவில் பலரிடம் இருக்கும் 50 மி.மீ. லென்ஸே கிட்டத்தட்ட இந்த வேலையைச் செய்துவிடும். 85 வாங்கக் கடன்பட வேண்டாம்.

f/1.8 என்று பார்த்து ஆசைப்பட்டு வாங்கியதில் ஒரு பாடம் கிடைத்தது. இரண்டு மீற்றரில் அந்தத் துவாரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 6 செ.மீ.தான். முகத்தைச் சற்றுத் திருப்பினாலே ஒரு கண் கூர்மையாகவும் மற்றது மங்கலாகவும் விழுந்தன. மூக்குத்தி இன்னும் மோசம். விளக்கில் அது மின்ன, ஓட்டோ ஃபோகஸ் அதைப் பிடித்துக்கொள்ளும்; கமராவின் சிறிய திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், கணினியில் பெரிதாக்கினால் கல்லின் பட்டைகள் தெளிவாகவும் கண் இமைகள் கரைந்தும் இருக்கும். இப்போது f/2.8க்குக் கீழே இறங்குவதில்லை. ஃபோகஸ் புள்ளியைக் கிட்ட இருக்கும் கண்ணின்மேல் நானே வைக்கிறேன்.

எல்லா முகத்துக்கும் ஒரே தூரம் என்றும் இல்லை. மண்டபத்தின் கடைசியில் நின்று 200 மி.மீ. லென்ஸால் எடுத்தபோது வட்ட முகக்காரர்கள் தட்டையாகவும் அகலமாகவும் தெரிந்தார்கள், ஏனென்றால் காதுகள் இரண்டும் முழுதாக வெளியே வந்துவிடுகின்றன. அப்படிப்பட்டவர்களுக்கு ஒன்றரை மீற்றர் வரை முன்னே போகிறேன். சற்று முன்தள்ளிய மூக்கு அவர்கள் முகத்துக்கு ஒரு மெலிவு தருகிறது. நீண்ட மூக்குள்ளவர்களுக்கு மூன்று மீற்றர்.

85 மி.மீ. லென்ஸின் பெரிய குறை நம் வீடுகளின் அளவு. ஆள் முழுதாக விழ 15 அடிக்கு மேல் பின்னால் போக வேண்டும்; எந்த அறையில் அது கிடைக்கும்? மார்கழி மழையும் கடற்காற்றும் சேர்ந்து இரண்டாம் வருடமே கண்ணாடிக்குள் சிலந்திவலை போலப் பூஞ்சணத்தைப் படரவிட்டன. சுத்தம் செய்வித்தேன். அன்றிலிருந்து இறுக்கமான பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடுதான் அது தூங்குகிறது.

போன தை மாதம் அதே வீட்டில் அந்த மணப்பெண்ணின் தங்கச்சிக்குக் கல்யாணம். பெண்ணை அறைக்குள்ளே வாசலைப் பார்த்து இருத்திவிட்டு, நான் விறாந்தையில் நின்று கதவு வழியாக எடுத்தேன். "உள்ளே வாருங்களேன் தம்பி, ஏன் வெளியில் நிற்கிறீர்கள்?" என்றார் பெரியம்மா. தேநீர்த் தட்டுடன் போய்வருகிறவர்கள் பத்துப் படங்களில் குறுக்கே வந்தார்கள். பதினோராவது நல்ல படம்.