500டி என்று பொறித்திருந்த கம்பியும் அதை விற்றவரும்: ஆறு ஆண்டுகளுக்குப் பின் என் அனுபவம்

என் தங்கை கணவர் சிறிய வீடு ஒன்றைத் தொடங்கப் போகிறார். சிமெண்டும் கம்பியும் எங்களுக்குக் கொடுத்த அதே கடைக்காரரிடம் வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். எங்கள் வீட்டில் குடியேறி ஆறு ஆண்டுகள் ஆகின்றன; சுவரிலோ கூரையிலோ விரிசல் என்று சொல்லும்படி ஏதுமில்லை. ஆனாலும் அவருக்கு உடனே 'சரி' என்று சொல்ல என் வாய் வரவில்லை.

சிமெண்டைப் பொறுத்தவரை அந்தக் கடைக்காரர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. மூட்டையில் ஐஎஸ்ஐ முத்திரையோடு எந்த வாரம், எந்த ஆண்டு நிரப்பப்பட்டது என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு லோடிலும் அதைப் படித்துப் பார்த்தேன். ஒரு மாதத்துக்கு மேல் பழையதாக ஒரு மூட்டைகூட வரவில்லை. மழையில் வேலை நின்றபோது பிரிக்காத மூட்டைகளை முகம் சுளிக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டார். கிடங்கில் மாதக்கணக்கில் கிடக்கும் சிமெண்ட் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வலுவிழக்கும் என்பதால், நான் அவருக்கு நன்றிக் கடன்பட்டவன்தான்.

சிக்கல் கம்பியில் வந்தது. பொறியாளர் வரைபடத்தில் 500டி தரம் என்று எழுதியிருந்தார். வந்த கம்பிகளில் நிறுவனப் பெயரும் 500டி என்ற குறியும் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் புடைத்திருந்தன. அதைக் கண்டதும் மனம் நிறைந்துவிட்டது. அந்த 500 என்பது எவ்வளவு இழுவிசைக்குப் பிறகு கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பாது என்பதையும், டி என்பது அறுவதற்கு முன் அது கூடுதலாக நீண்டு கொடுக்கும் என்பதையும் சொல்கின்றன. கம்பி எவ்வளவு பருமன் என்பதை அந்தத் தரக்குறி சொல்வதில்லை. இதை நான் புரிந்துகொண்டது தூண்களுக்கான 12 மி.மீ. கம்பி வந்து இறங்கிய பிறகுதான்.

கம்பி கட்டும் பெரியவர் ஒரு கம்பியைக் கையில் தூக்கிப் பார்த்து, "இது லேசா இருக்குது சார்" என்றார். வெவ்வேறு கட்டுகளிலிருந்து மூன்று கம்பிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் சரியாக ஒரு மீட்டர் வெட்டி, மின்னணுத் தராசில் வைத்தோம். 812, 818, 815 கிராம் காட்டியது. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோகிராமில் கிடைக்கும், 12 மி.மீ. கம்பிக்கு அது 888 கிராம் வரவேண்டும். தனி மாதிரி ஒன்றில் இந்திய தரநிலை அனுமதிக்கும் குறைவு 6 சதவீதம், அதாவது ஏறத்தாழ 835 கிராம் வரை. எங்களுடையது சராசரியாக 8 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது.

கடைக்காரரிடம் சொன்னபோது, "எடைக்குத்தானே சார் காசு வாங்குறேன், உங்களுக்குக் கம்பி கூடுதலாத்தானே வருது" என்றார். எடைமேடைச் சீட்டு சரியாகவே இருந்தது. அவர் சொன்ன கணக்கிலும் பொய் இல்லை. ஆனால் கொத்தனார் தூணுக்குள் கம்பியை எடை போட்டு வைப்பதில்லை, எண்ணித்தான் வைக்கிறார். நான்கு கம்பிகள் சேர்ந்து 452 சதுர மி.மீ. இரும்பு இருக்கவேண்டிய தூணில் 415 மட்டுமே இருந்திருக்கும். 12 என்று பெயர் சொல்லி 11.5 மி.மீ. கம்பியைக் கட்டியதற்குச் சமம் அது. மிஞ்சும் கம்பி முற்றத்தில் கிடந்து துருப்பிடிக்குமே தவிர, தூணைத் தாங்காது.

இரண்டு நாளில் அவர் முழுவதையும் திரும்ப எடுத்துக்கொண்டு, வண்டி வாடகையும் கேட்காமல், ஆலையின் சோதனைச் சான்றோடு வேறு கம்பி அனுப்பினார். அவற்றை வெட்டி நிறுத்தபோது 870 கிராமுக்குக் குறையவில்லை. இதை மறைப்பது நியாயமாகாது. பணத்திலும் பேச்சிலும் அவரைப் போல நேர்மையாக நடந்துகொண்டவர்கள், நான் வீடு கட்டியபோது பழகிய கடைக்காரர்களில் வேறு எவரும் இல்லை.

இருந்தும் கம்பிக்கு அவரிடம் போகவேண்டாம் என்றுதான் தங்கை கணவரிடம் சொன்னேன். ஏனென்றால் அந்தத் தூண் கம்பி வருவதற்கு ஒரு மாதம் முன்பு, அடித்தள பீமுக்கு அதே 12 மி.மீ. கம்பியை அவரிடம்தான் வாங்கியிருந்தோம். அப்போது குறியை மட்டும் பார்த்தேன், தராசை எடுக்கவில்லை. அந்தக் கம்பிகள் இன்று கான்கிரீட்டுக்குள் இருக்கின்றன. அவை 888 கிராமா, 815 கிராமா என்பதை இனி என்னால் நிறுத்துப் பார்க்க முடியாது.